பத்து மணிக் கம்ப்ரசரும் பொய் எர்த் ஃபால்ட்டும்

பெரிய மோட்டாரை ஸ்டார்ட் செய்த நொடியிலேயே ஃபீடர் டிரிப் ஆகிறது. ரிலேயைப் பார்த்தால் எர்த் ஃபால்ட் என்கிறது. காப்பின் மின்தடையை அளக்கும் மெகர் போட்டால் கேபிளும் மோட்டாரும் நன்றாக இருக்கின்றன. திரும்பவும் ஸ்டார்ட் செய்தால் எதுவுமே நடக்காத மாதிரி ஓடுகிறது. நான்கு நாள் கழித்து மறுபடியும் டிரிப். இந்தத் தொல்லை எங்கள் ஆலையில் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. ஒரு சி ஷிப்டில் அதன் காரணம் பிடிபட்டது. அந்த ராத்திரி நான் பார்த்ததை, பார்த்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

ஆலை கடலூர் சிப்காட்டில். ஒரு பக்கம் உப்பனாறு, அதைத் தாண்டினால் கடல். 110 கே.வி.யில் மின்சாரம் வாங்கி, எங்கள் டிரான்ஸ்ஃபார்மரில் 11 கே.வி.க்கு இறக்குகிறோம். அதன் நியூட்ரல் ஒரு ரெசிஸ்டர் வழியாக எர்த் ஆகியிருக்கிறது. 11 கே.வி. பக்கம் எங்கே எர்த் ஃபால்ட் வந்தாலும் 400 ஆம்பியருக்கு மேல் போகாதபடி அந்த ரெசிஸ்டர் கட்டுப்படுத்தும். தொல்லை கொடுத்த ஃபீடரில் இருப்பது ஒரே ஒரு மோட்டார்தான். 1000 கிலோவாட், 11 கே.வி., காற்றுக் கம்ப்ரசரை ஓட்டுவது, நேரடி ஸ்டார்ட். முழு லோடில் 63 ஆம்பியர் எடுக்கும். ஸ்டார்ட் ஆகும்போது அதன் ஆறு மடங்கு, சுமார் 380 ஆம்பியர், ஏழெட்டு நொடிக்கு இழுக்கும். ஃபீடரின் கரண்டைச் சிறிதாக்கி ரிலேக்குக் கொடுக்கும் சி.டி. 100/1.

சாயங்காலம் 6 முதல் 10 வரை உச்ச நேரக் கட்டணம். அதனால் அந்தக் கம்ப்ரசரை நிறுத்திவிட்டு, 10 மணிக்கு மேல்தான் எடுப்பார்கள். ஆக, அதன் ஸ்டார்ட் எல்லாம் சி ஷிப்டின் தலையில். டிரிப் ராத்திரியில் மட்டும் வந்ததற்குக் காரணம் இதுதான். ஆனால் ராத்திரி, ஐப்பசி மழை, உப்புக் காற்று மூன்றும் சேர்ந்துகொண்டதால் எல்லோர் மனமும் ஈரத்தின் மேலேயே போயிற்று. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்த ஊர்ப்பக்கம் இது. கேபிள் பெட்டிக்குள் உப்புத் தண்ணீர் போனால் என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தச் சந்தேகத்திலேயே ஒரு கேபிள் டெர்மினேஷனை வெட்டிப் புதிதாகப் போட்டார்கள். அதற்குப் பிறகும் டிரிப் வந்தது.

டிரிப் ஆனவுடன்: எதையும் ரீசெட் செய்யாதீர்கள்

அன்றைக்கு மணி 10.14. கம்ப்ரசர் ஆபரேட்டர் ஸ்டார்ட் கொடுத்ததும் பிரேக்கர் மூடிய சத்தமும் திறந்த சத்தமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்டன. கூட இருந்த உதவியாளர் தம்பி மாஸ்டர் டிரிப் ரிலேயை ரீசெட் செய்யக் கையை நீட்டினான். "இருடா தம்பி, முதல்ல எழுதிக்கலாம்" என்று தடுத்தேன். முந்தைய மூன்று டிரிப்பிலும் லாக் புக்கில் இருந்தது "எர்த் ஃபால்ட் டிரிப், ரீசெட் செய்யப்பட்டது" என்ற ஒரு வரிதான். எந்த நிலை வேலை செய்தது, எத்தனை ஆம்பியர், ஸ்டார்ட் ஆகி எவ்வளவு நேரத்தில் என்ற மூன்றும் அதில் இல்லை. தேடலுக்கு வேண்டியவை அந்த மூன்றுதான்.

ரிலேயின் திரையில் இருந்ததை அப்படியே எழுதிக்கொண்டோம்.

```
50N TRIP
IA 371 A   IB 385 A   IC 378 A
3I0 14 A
```

`50N` என்பது காத்திருக்காமல் டிரிப் செய்யும் எர்த் ஃபால்ட் நிலை. மூன்று ஃபேஸிலும் ஸ்டார்ட்டிங் கரண்ட். மீதி 14 ஆம்பியர். இந்த `3I0` என்பது தனியாக ஒரு சி.டி. வைத்து அளந்தது இல்லை. மூன்று ஃபேஸ் சி.டி.களின் கரண்டையும் கூட்டி வந்த மீதி. எர்த்துக்கு எதுவும் போகவில்லை என்றால் மூன்றும் சேர்ந்து பூஜ்யமாக வேண்டும். பூஜ்யமாகாமல் மீதி நின்றால், அது மண்ணுக்குப் போனது என்று ரிலே எடுத்துக்கொள்ளும். பின்னால் வரப்போகிற எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

காப்பு நன்றாக இருக்கிறதா: இதைத் தாண்டி மேலே போகக் கூடாது

ரிலே மேல் எவ்வளவு சந்தேகம் இருந்தாலும், எர்த் ஃபால்ட் என்று அது சொன்ன பிறகு மெகர் போடாமல் மறுபடி பிரேக்கரை மூடக் கூடாது. பெர்மிட் எடுத்து, பிரேக்கரை வெளியே இழுத்து, மின்சாரம் இல்லை என்று சோதித்துவிட்டு, எர்த் போட்டு, பிறகு அந்த எர்த்தை எடுத்துவிட்டு, கேபிளையும் மோட்டாரையும் சேர்த்து 5 கே.வி. மெகரில் பார்த்தோம். ஒரு நிமிடத்தில் 850 மெகா ஓம். பத்து நிமிடத்தில் 2,300. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 2.7. இந்த வகை மோட்டாருக்கு 40 டிகிரியில் 100 மெகா ஓமும், இந்த விகிதம் 2-ம் இருந்தாலே போதும். ஈரமோ உப்போ ஏறிய காப்பில் பத்து நிமிட அளவு இப்படி ஏறாது, ஒரு நிமிடத்தில் வந்த அளவிலேயே நின்றுவிடும்.

பத்து நிமிடம் மெகர் போட்டால் நாற்பது நிமிடமாவது எர்த் போட்டு வைக்க வேண்டும். உற்பத்திப் பக்கத்திலிருந்து ஃபோன் மேல் ஃபோன் வந்தது. ஆனாலும் அந்த நாற்பது நிமிடத்தைக் குறைக்கவில்லை. அந்த நேரத்தை லாக் புக் படிக்கப் பயன்படுத்திக்கொண்டேன்.

ஸ்டார்ட்டில் மட்டும் டிரிப், ஓட்டத்தில் ஒருபோதும் இல்லை

தொல்லை தொடங்கும் முன் ஆலையில் ஒரு ஷட்டவுன் நடந்திருந்தது. அதற்குப் பிறகு அந்த மோட்டாரை மொத்தம் 11 தடவை எடுத்திருக்கிறார்கள். நான்கு தடவை டிரிப், ஏழு தடவை நல்ல ஸ்டார்ட். நான்கு டிரிப்பும் பிரேக்கர் மூடிய உடனே. ஸ்டார்ட் தாண்டி ஓட ஆரம்பித்துவிட்டால் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் சலனமே இல்லை. காப்பில் உண்மையிலேயே ஓட்டை இருந்தால் அது ஓட்டத்தில் சும்மா இருக்காது. முழு வோல்டேஜ் எப்போதும் அதன் மேல்தான் இருக்கிறது. மழை ராத்திரிகளில் கூடியிருக்க வேண்டும். கூடவில்லை. நான்கு டிரிப்பில் இரண்டு, மழையே இல்லாத நாளில் வந்தவை.

சரி, சி.டி. வயரிங்கில் கோளாறாக இருக்கலாமா? ஒரு டெர்மினல் தளர்ந்திருந்தாலோ, சி.டி. வட்டத்தில் இரண்டு இடத்தில் எர்த் ஆகியிருந்தாலோ, ஒரு சி.டி. தலைகீழாகக் கட்டப்பட்டிருந்தாலோ பொய்யான மீதி வரும். ஆனால் அந்த மீதி ஓட்டத்திலும் இருக்கும், லோடு ஏற ஏறக் கூடும். முந்தைய நாள் ஓட்டத்தில் ரிலே பதிந்திருந்த அளவுகளைப் பார்த்தேன். ஃபேஸுக்கு 58 ஆம்பியர், மீதி 0.4. வயரிங் மேல் குற்றமில்லை.

ஷட்டவுனில் என்ன வேலை நடந்தது என்று அடுத்துப் பார்த்தேன். பழைய எலக்ட்ரோமெக்கானிக்கல் ரிலேக்களை எடுத்துவிட்டு நியூமெரிக்கல் ரிலே போட்டிருக்கிறார்கள். அதற்கு முந்தைய வருடங்களின் லாக் புக்கில் இந்த ஃபீடரில் இப்படி ஒரு டிரிப்கூட இல்லை.

பதிவில் மீதி கரண்ட் எப்படித் தெரிகிறது

நியூமெரிக்கல் ரிலே ஒவ்வொரு ஸ்டார்ட்டின் அலையையும் பதிந்து வைத்திருந்தது. எங்கள் ரிலேயில் ஃபேஸ் ஓவர்கரண்ட் எழும்பினாலே பதிவு தொடங்கும்படி வைத்திருந்ததால், டிரிப் ஆகாத ஏழு ஸ்டார்ட்டும் கிடைத்தன. இந்த வசதியை உங்கள் ரிலேயிலும் இயக்கி வையுங்கள். டிரிப் ஆன பதிவை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். ஏனென்றால் பிரேக்கர் 80 மில்லி செகண்டில் திறந்துவிடுகிறது, அதற்குப் பிறகு அந்த மீதி என்ன ஆகியிருக்கும் என்பது தெரியாமலே போகிறது.

நல்ல ஸ்டார்ட்களில் மீதி 3 ஆம்பியரிலிருந்து 8 ஆம்பியர் வரை எழும்பி, ஆறு அலைக்குள், அதாவது 120 மில்லி செகண்டுக்குள், தானாகக் கரைந்துபோயிருந்தது. ஏழிலும் இதே கதை. டிரிப் ஆனவற்றிலும் அதே வடிவம், உயரம் மட்டும் 10 ஆம்பியரைத் தாண்டியிருந்தது. அந்த நேரத்தில் ஒரு ஃபேஸின் அலை ஒரு பக்கமாக மேலே சாய்ந்து, உச்சியில் நசுங்கியிருந்தது.

அந்த நசுங்கல்தான் விஷயம். மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் நொடியில் கரண்ட் அலை நடுக்கோட்டில் தொடங்குவதில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து தொடங்கி, சில அலைகளில் நடுவுக்கு வரும். அந்தச் சாய்வு சி.டி.யின் இரும்புக் கருவை ஒரே திசையில் நிரப்பிவிடுகிறது. கரு நிறைந்துவிட்டால் சி.டி. உள்ளதைக் குறைத்துச் சொல்லும். மூன்று ஃபேஸிலும் சாய்வு ஒரே அளவில் இருக்காது, அதனால் மூன்று சி.டி.யும் ஒரே அளவில் குறைத்துச் சொல்லாது. கூட்டினால் பூஜ்யம் வராமல் ஒரு பொய் மீதி நிற்கும். சாய்வு எவ்வளவு என்பது, பிரேக்கர் மூடும்போது வோல்டேஜ் அலை எந்தப் புள்ளியில் இருந்தது என்பதைப் பொறுத்தது. அது ஒவ்வொரு தடவையும் தற்செயல். அதனால்தான் நான்கு தடவை டிரிப், ஏழு தடவை இல்லை.

ஆனால் ஒரு ஐயம் மீதமிருந்தது. மோட்டார் வைண்டிங்கில் ஸ்டார் முனைக்குப் பக்கத்தில் உண்மையான ஃபால்ட் இருந்தாலும் கரண்ட் சின்னதாகத்தான் இருக்கும். மோட்டாரின் டெர்மினலில் வந்தால் 400 ஆம்பியர், ஸ்டார் முனையிலிருந்து 3.5 சதவீதத் தொலைவில் வந்தால் வெறும் 14. அளவை மட்டும் வைத்துப் பொய் என்று முடிவு கட்டக் கூடாது.

நியூட்ரல் சி.டி. என்ன சொல்கிறது

உண்மையில் எர்த்துக்குப் போன கரண்ட், வந்த வழியே திரும்ப வேண்டும். எங்கள் ஆலையில் அதற்கு இருக்கும் பெரிய வழி டிரான்ஸ்ஃபார்மர் நியூட்ரலில் இருக்கும் ரெசிஸ்டர்தான். அதில் ஒரு சி.டி. இருக்கிறது, அது மின்சாரம் உள்ளே வரும் பக்கத்தின் இன்கமர் ரிலேக்குப் போகிறது. மூன்று சி.டி.களைக் கூட்டுகிற வேலை அங்கே இல்லை, ஒரே சி.டி. நேரடியாக அளக்கிறது. அதனால் ஸ்டார்ட்டிங் கரண்ட் எவ்வளவு ஏறினாலும் அது ஏமாறாது.

இன்ஜினியர் சாரை ஃபோனில் எழுப்பினேன். "மெகர் நல்லா இருக்கு சார். ஒரே ஒரு ஸ்டார்ட் எடுத்து, அதே நேரத்தில நியூட்ரலையும் பதிஞ்சு பார்க்கலாமா?" கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எடுங்க, ஆனா ஒண்ணுதான். நானும் கிளம்பி வர்றேன்" என்றார். அவர் ஒன்றுதான் என்றதற்குக் காரணம் இருக்கிறது. இவ்வளவு பெரிய மோட்டாரைக் குளிர்ந்த நிலையில் அடுத்தடுத்து இரண்டு தடவைதான் எடுக்கலாம். முதலாவது 10.14-க்கே போய்விட்டது.

12.50-க்குத் தம்பி இன்கமர் பேனலில் நின்றான். அங்கே பதிவு மூன்று நொடி நீளும், முன்னால் ஒரு நொடியும் சேர்ந்து வரும். பிரேக்கர் சத்தம் கேட்டதும் பதிவுப் பொத்தானை அழுத்தச் சொல்லியிருந்தேன். ஸ்டார்ட் கொடுத்தோம். டிரிப்.

இரண்டு பதிவையும் லேப்டாப்பில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தோம். ஃபீடரில் மீதி 13 ஆம்பியர். அதே நேரத்தில் நியூட்ரலில் ஒரு ஆம்பியர்கூட இல்லை, நேர்கோடு. மண்ணுக்குப் போனதாக ஃபீடர் ரிலே சொன்ன 13 ஆம்பியர், மண்ணிலிருந்து திரும்பவே இல்லை.

செட்டிங்கில் எது தவறு

சார் மஞ்சக்குப்பத்திலிருந்து பைக்கில் நனைந்தபடி வந்து சேர்ந்தபோது ஒன்றரை மணி. ரிலேயில் இருந்த செட்டிங் இது.

```
50N  I0>>  0.10 In
50N  t     0.00 s
```

பத்து சதவீதம், அதாவது 10 ஆம்பியர், காத்திருப்பு இல்லாமல். "பழைய ரிலேயிலும் பத்து சதவீதம்தானே, இன்ஸ்டன்ட்தானே?" என்று அவரே கேட்டார். பழைய செட்டிங் ஷீட்டிலும் அப்படியே இருந்தது. ரிலே மாற்றியவர்கள் டயலைச் சரியாகவே படித்து எழுதியிருந்தார்கள்.

பழைய வரைபடத்தை விரித்தோம். எர்த் ஃபால்ட் ரிலேயின் காயிலுக்கு முன்னால், வரிசையில் ஒரு சின்னச் செவ்வகம், பக்கத்தில் `RST` என்ற எழுத்து. அது நிலைப்படுத்தும் ரெசிஸ்டர். புதிய வரைபடத்தில் அது இல்லை. ஸ்டோர் ரூமில் பழைய ரிலேக்களைப் போட்டிருந்த பெட்டியைக் கிளறினால், பீங்கான் குழாயில் கம்பி சுற்றிய அந்த ரெசிஸ்டர் கிடைத்தது. மீட்டரில் 58 ஓம்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் அது ஏன் 58 என்பது புரிகிறது. ஸ்டார்ட்டிங் கரண்ட் 380 என்றால் சி.டி.யின் இரண்டாம் பக்கம் 3.8 ஆம்பியர். ஒரு சி.டி. முழுக்க நிறைந்து ஒன்றுமே கொடுக்காமல் போனாலும், அதன் உள் மின்தடையும் வயரும் சேர்ந்து சுமார் 1.5 ஓம். அதன் குறுக்கே எழும் வோல்டேஜ் 5.7. ரிலே இயங்க வேண்டிய கரண்ட் 0.1 ஆம்பியர். அந்த 5.7 வோல்டால் 0.1 ஆம்பியரைத் தள்ள முடியாமல் செய்ய 57 ஓம் வேண்டும். பழைய ஆட்கள் இதைக் கணக்குப் போட்டே வைத்திருந்தார்கள். பத்து சதவீதம், உடனடி டிரிப் என்ற செட்டிங் அந்த ரெசிஸ்டர் இருக்கும் வரைதான் சரி. ரெசிஸ்டர் பெட்டிக்குப் போய்விட்டது, எண் மட்டும் புதிய ரிலேக்கு வந்துவிட்டது.

எதைத் திருத்துவது

பலரும் முதலில் செய்வது பிக்கப்பை ஏற்றுவது. 30 ஆம்பியராக்கினால் டிரிப் நின்றுவிடும், உண்மைதான். ஆனால் 400 ஆம்பியர் கட்டுப்பாட்டில், ஸ்டார் முனையை ஒட்டிய வைண்டிங்கில் 7.5 சதவீதம் பாதுகாப்பில்லாமல் போகும். 10 ஆம்பியரில் அது 2.5 சதவீதம்தான். மோட்டாரின் பாதுகாப்பைக் குறைத்து டிரிப்பை நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. சாரும் அதையே சொன்னார்.

பொய் மீதிக்கு ஆயுள் குறைவு, அதனால் காத்திருப்பதே சரியான வழி. நல்ல ஸ்டார்ட்களில் 120 மில்லி செகண்டில் போய்விட்டது. பெரிய சாய்வு வந்தால் கொஞ்சம் நீளலாம். அதற்கும் சேர்த்து 0.20 நொடி. மேலே இன்கமரின் எர்த் ஃபால்ட் 0.6 நொடி. ஃபீடர் பிரேக்கர் திறக்க 0.05 ஆனாலும் நடுவில் போதிய இடைவெளி இருக்கிறது, இன்கமர் முந்திக்கொள்ளாது. ஃபால்ட் கரண்ட் 400-க்குள் கட்டுப்பட்டிருப்பதால் 0.20 நொடி தாமதத்தைக் கேபிளும் மோட்டாரும் தாங்கும். நியூட்ரல் நேரடியாக எர்த் ஆகியிருக்கும் இடத்தில் ஃபால்ட் ஆயிரக்கணக்கான ஆம்பியராக இருக்கும், அங்கே இதே எண்ணை எடுத்துப் போட்டுவிடாதீர்கள். டிரான்ஸ்ஃபார்மர் ஃபீடருக்கும் இது அப்படியே பொருந்தாது. அங்கே மின்சாரம் கொடுக்கும்போது எழும் கரண்ட் நொடிக்கணக்கில் நீடிக்கலாம், 0.20 போதாமல் போகும்.

மூன்று கோர்களையும் ஒன்றாகச் சூழ்ந்து நிற்கும் ஒரே சி.டி. போட்டால் இந்தப் பிரச்சினையே பெரும்பாலும் எழாது. அடுத்த ஷட்டவுனில் அதைப் போடுவதாக முடிவு. அதைப் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். கேபிள் ஸ்கிரீன் அந்த சி.டி.க்குள் போயிருந்தால், ஸ்கிரீனின் எர்த் வயரை அதே சி.டி. வழியாகத் திரும்ப எடுத்துவந்துதான் எர்த் செய்ய வேண்டும். இல்லையென்றால் உண்மையான ஃபால்ட்டில் ஸ்கிரீனில் திரும்பும் கரண்ட் கணக்கைக் கழித்துவிடும், ரிலே பார்க்காமலே இருந்துவிடும்.

செட்டிங் மாற்றும் படிவத்தில் சார் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மாற்றினோம். பிறகு ரிலேக்கு வெளியிலிருந்து கரண்ட் கொடுத்துச் சோதித்தோம். 0.09 ஆம்பியரில் எழும்பவில்லை. 0.10-ல் எழும்பியது. 0.20 ஆம்பியர் கொடுத்தபோது 0.22 நொடியில் டிரிப். கொஞ்சம் நேரமே கொடுத்து 0.15 நொடியில் எடுத்துவிட்டபோது எழும்பி, டிரிப் ஆகாமல் இறங்கியது. இந்தக் கடைசிச் சோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் நாம் ரிலேயிடம் கேட்பது இதைத்தான்.

4.10-க்கு ஸ்டார்ட் கொடுத்தோம். மோட்டார் ஏறி நின்றது. மீதி வெறும் 5 ஆம்பியர்தான் எழும்பியிருந்தது. அந்த ஸ்டார்ட் பழைய செட்டிங்கிலும் ஓடியிருக்கும். அதனால் அது எதையும் நிரூபிக்கவில்லை என்று லாக் புக்கில் எழுதிவைத்தேன்.

நிரூபணம் ஒன்பதாவது நாள் ராத்திரி 10.08 ஸ்டார்ட்டில்தான் வந்தது. மீதி 17 ஆம்பியர், அதுவரை வந்ததிலேயே பெரியது. ரிலேயின் நிகழ்வுப் பட்டியலில் இரண்டே வரி.

```
22:08:31.042  50N  START
22:08:31.136  50N  RESET
```

கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. செட்டிங் ஷீட்டில் 0.20 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் சார் பேனாவால் எழுதியிருந்தார்: "இந்தப் பேனலில் நிலைப்படுத்தும் ரெசிஸ்டர் இல்லை." அதன் கீழே அந்த ராத்திரியின் தேதியையும் நேரத்தையும் நான் சேர்த்தேன்.